இனிஷியலில் மாட்டிக்கொண்ட ரீஃபண்ட்

கேள்வி: "சார், 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கான ரிட்டர்ன் ஆகஸ்ட்லயே போட்டு வெரிஃபையும் பண்ணிட்டேன். 18,400 ரூபாய் ரீஃபண்ட் வரணும். கொடுத்திருந்தது பழைய கம்பெனியோட சம்பளக் கணக்கு, அதை நடுவுல க்ளோஸ் பண்ணிட்டேன். இப்போ போர்ட்டல்ல Refund failed-னு வருது. வேற பேங்க் கணக்கைச் சேர்த்தா பெயர் பொருந்தலைன்னு வேலிடேஷன் ஃபெயில் ஆகுது. பாஸ்புக்ல எஸ்.முருகன்னு இனிஷியலோட இருக்கு. ரிவைஸ்டு ரிட்டர்ன் போடணுமா? பணம் போயிடுமா?"

பணம் எங்கும் போகாது. ரிவைஸ்டு ரிட்டர்னும் போடாதீர்கள். இந்த இரண்டிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் வரிக் கணக்கு சரி என்று பெங்களூரில் இருக்கும் மத்தியச் செயலாக்க மையம், அதாவது சிபிசி, ஏற்றுக்கொண்டுவிட்டது. ரீஃபண்டை அனுப்பும் வேலையைச் செய்வது பாரத ஸ்டேட் வங்கி. அது பணத்தை அனுப்பியபோது அந்தக் கணக்கு மூடியிருந்ததால் பணம் திரும்பி வந்துவிட்டது. துறையின் பதிவில் அது உங்கள் பெயரில் தரவேண்டிய தொகையாகவே இருக்கிறது. வருமானத்திலோ கழிவிலோ தவறு இருந்தால்தான் ரிவைஸ்டு ரிட்டர்ன். வங்கிக் கணக்கு மாறியதற்காக அதைப் போட்டால், முடிந்துபோன ரிட்டர்ன் மறுபடியும் முதலிலிருந்து செயலாக்கத்துக்குப் போகும். ஏற்கெனவே வெளியிடத் தயாராக இருந்த ரீஃபண்டை நீங்களே வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்துவதுபோல் ஆகிவிடும்.

உங்களிடம் இப்போது இரண்டு சிக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. பழைய கணக்கு மூடியதால் ரீஃபண்ட் திரும்பியது ஒன்று. புதிய கணக்கில் உள்ள பெயர், பான் பதிவில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாதது இன்னொன்று. முதல் சிக்கலுக்குத் தீர்வு ரீஃபண்ட் மறுவெளியீட்டு விண்ணப்பம். ஆனால் சரிபார்க்கப்பட்ட கணக்கு ஒன்று கையில் இல்லாமல் அந்த விண்ணப்பத்தை முடிக்க முடியாது. ஆகவே இரண்டாவது சிக்கலை முதலில் அவிழ்க்க வேண்டும். பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

பெயர்ச் சிக்கல் தமிழ்நாட்டில் ஏன் இவ்வளவு அதிகம் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காரணம் புரிந்தால்தான் எங்கே திருத்துவது என்று தெரியும். நாம் அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் வைத்து எழுதிப் பழகியவர்கள். நீங்கள் பான் எடுத்தபோது இருந்த விண்ணப்பமான 49ஏ படிவம் இதை ஏற்கவில்லை. அதில் முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் என்று கட்டங்கள் இருந்தன. இனிஷியலை எழுதாமல், விரித்துத்தான் எழுத வேண்டியிருந்தது. அதனால் எஸ்.முருகன் அங்கே MURUGAN SHANMUGAM ஆகிவிடுகிறார். விண்ணப்பத்தை நிரப்பிய முகவர் எந்தக் கட்டத்தில் எதைப் போட்டார் என்பதைப் பொறுத்து SHANMUGAM MURUGAN ஆகவும் இருக்கலாம். வங்கிக் கணக்கைத் தொடங்கும்போதோ ஆதாரைக் காட்டியிருப்பீர்கள், அதில் S MURUGAN என்று இருந்திருக்கும், வங்கியிலும் அப்படியே ஏறியிருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான், ஆனால் கணினிக்கு அவை மூன்று வேறு வேறு எழுத்து வரிசைகள்.

இதில் இன்னொரு பொறி உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. அதே 49ஏ படிவத்தில், அட்டையில் அச்சிட விரும்பும் சுருக்கப் பெயர் என்று தனியாக ஒரு வரி இருந்தது. அங்கே எஸ்.முருகன் என்று எழுதியிருந்தால் அட்டையில் இனிஷியலோடு அச்சாகி வரும், துறையின் தரவுத்தளத்தில் மட்டும் விரிந்த பெயர் இருக்கும். பான் அட்டையும் பாஸ்புக்கும் ஒன்றாகத்தானே இருக்கின்றன, பிறகு ஏன் பொருந்தவில்லை என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இடறியிருப்பார்கள். ஆகவே அட்டையைப் பார்க்காதீர்கள். incometax.gov.in தளத்தில் நுழைந்து My Profile பக்கத்தில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுக்கு எடுக்கப்படுவது அந்தப் பெயர்தான்.

வங்கிக் கணக்கைச் சேர்க்கும் திரையில் உங்கள் பெயரை நீங்கள் தட்டச்சு செய்வதே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கணக்கு எண், கணக்கு வகை, நீங்கள் முதன்மை உரிமையாளரா கூட்டு உரிமையாளரா என்பது, ஐஎஃப்எஸ்சி, இவ்வளவுதான் கேட்கும். பெயர் பான் பதிவிலிருந்து தானாகப் போகிறது. வங்கி தன் பக்கத்தில் அந்தக் கணக்கோடு இருக்கும் பெயரையும் பானையும் வைத்துப் பதில் சொல்கிறது. அதனால் நீங்கள் திரையில் எத்தனை முறை மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் பெயர் பொருந்தாமை தீராது. வங்கியிலோ பானிலோ மூலப் பதிவு மாற வேண்டும். எவ்வளவு வித்தியாசம் வரை விட்டுவிடுவார்கள் என்பதுதான் இதில் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. இனிஷியலோடு இருக்கும் கணக்கு ஒரு வங்கியில் சிக்கலில்லாமல் தேறிவிடும், அடுத்த வங்கியில் அதே பெயர் தோற்றுவிடும். ஆகவே நண்பருக்குத் தேறியது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மூலப் பதிவைத் திருத்தும் முன்னால் ஒரு குறுக்குவழியைப் பாருங்கள். உங்களுக்கு வேறு ஏதாவது வங்கியில் சேமிப்புக் கணக்கு இருந்து, அதில் பெயர் பானில் உள்ளபடியே இருந்தால், அதைச் சேர்த்துச் சரிபார்த்து ரீஃபண்டை முதலில் வாங்கிவிடுங்கள். இப்போதைய அலுவலகத்தில் திறந்த சம்பளக் கணக்கு இருந்தால் அதை முதலில் பார்க்கலாம், பானைக் காட்டித் திறந்த கணக்குகளில் பெயர் பெரும்பாலும் பான்படியே இருக்கும். மனைவியின் கணக்கையோ அப்பாவின் கணக்கையோ கொடுக்க முடியாது, கணக்கோடு உங்கள் பான் இணைந்திருக்க வேண்டும். கூட்டுக் கணக்கு என்றால் அதில் உங்கள் பான் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டே சேர்க்க வேண்டும். முதல் பெயர் மனைவியுடையதாக இருந்து அவருடைய பான் மட்டுமே ஏறியிருந்தால் அது உங்கள் ரீஃபண்டுக்கு உதவாது. பிபிஎஃப் கணக்கு, கடன் கணக்கு ஆகியவற்றுக்கும் ரீஃபண்ட் போகாது.

வேறு கணக்கு இல்லை என்றால் வங்கியில் திருத்துவதா, பானில் திருத்துவதா என்ற கேள்வி வரும். என் கருத்து, வங்கியில் திருத்துங்கள். பானில் கைவைத்தால் ஆதாரோடு உள்ள இணைப்பு, முதலாளி பிடித்த வரி, பிஎஃப், பரஸ்பர நிதி என்று அந்தப் பெயரை நம்பியிருக்கும் எல்லாவற்றையும் யோசிக்க வேண்டியிருக்கும். பானில் எழுத்துப்பிழையே இருக்கிறது, உதாரணமாக SHANMUGAM என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்றால் மட்டும் பான் திருத்தத்துக்குப் போகலாம். மற்றபடி கிளைக்குப் போய் கேஒய்சி புதுப்பிப்பு என்று கேளுங்கள். பான் அட்டை, ஆதார் இரண்டின் நகலோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். அந்தக் கடிதத்தில், கணக்கில் உள்ள பெயர் S MURUGAN, பான் தரவுத்தளத்தில் உள்ள பெயர் MURUGAN SHANMUGAM, இரண்டும் ஒருவரே, பானில் உள்ளபடி மாற்றவும் என்று தெளிவாக இருக்கட்டும். அட்டையிலும் இனிஷியலோடுதான் இருக்கிறது என்று கவுண்டரில் சொன்னால், போர்ட்டலின் சுயவிவரப் பக்கத்தை அச்செடுத்துக் காட்டுங்கள். கூடவே பள்ளிச் சான்றிதழோ பாஸ்போர்ட்டோ, அப்பா பெயர் விரிந்திருக்கும் ஏதாவது ஓர் ஆவணம் இருந்தால் வாக்குவாதம் குறையும்.

கிளையில் இருக்கும்போதே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். வங்கிகள் பானைக் கணக்கு எண்ணோடு அல்ல, வாடிக்கையாளர் எண்ணோடு சேர்த்து வைக்கின்றன. சிலருக்கு ஒரே வங்கியில் இரண்டு வாடிக்கையாளர் எண்கள் இருக்கும். கல்லூரியில் படிக்கும்போது ஒரு கிளையில் தொடங்கியது ஒன்று, வேலைக்கு வந்தபின் வேறு ஊரில் தொடங்கியது ஒன்று. பான் அவற்றில் ஒன்றோடு மட்டும் இணைந்திருக்கும். நெட்பேங்கிங்கில் பான் தெரிகிறதே என்று நம்பி, பான் இணையாத எண்ணின் கீழ் இருக்கும் கணக்கைக் கொடுத்தால் சரிபார்ப்பு தோற்கும். இந்தக் கணக்கு எந்த வாடிக்கையாளர் எண்ணின் கீழ் வருகிறது, அதில் பான் ஏறியிருக்கிறதா, இரண்டு எண் இருந்தால் ஒன்றாக்க முடியுமா என்று கேளுங்கள். திருத்தம் முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னதை வைத்துத் திரும்பி வராதீர்கள். பாஸ்புக்கின் முதல் பக்கம் பழைய பெயரையே காட்டிக்கொண்டிருக்கும், அதுவும் ஆதாரம் ஆகாது. புதிதாக ஒரு கணக்கு அறிக்கை எடுத்து, அதன் தலைப்பில் பெயர் மாறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே போர்ட்டலுக்குப் போங்கள்.

போர்ட்டலில் My Profile பக்கத்தின் இடப்பக்கம் My Bank Account என்று இருக்கும். நீங்கள் ஏற்கெனவே முயன்று தோற்ற கணக்கு அங்கே Failed Bank Accounts என்ற பிரிவில் கிடக்கும். அதன் பக்கத்திலேயே மறுபடி சரிபார்க்கும் வசதி, Re-validate, இருக்கிறது. அதே கணக்கைப் புதிதாக இன்னொரு முறை சேர்க்க வேண்டியதில்லை. ஐஎஃப்எஸ்சியையும் அப்போதே ஒருமுறை பாருங்கள். அது 11 இடங்கள் கொண்டது, ஐந்தாவது இடத்தில் வருவது எப்போதும் சுழியம். அங்கே ஆங்கில ஓ எழுத்தைத் தட்டுவது மிகப் பரவலான பிழை. வங்கி வேறொன்றோடு இணைந்திருந்தால் குறியீடும் மாறியிருக்கும். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அதே ஆண்டு நவம்பரில் கரூரைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கியோடும் சேர்ந்தன. அந்தப் பழைய குறியீடுகள் இப்போது செல்லாது, ஆனாலும் பழைய காசோலைப் புத்தகத்தைப் பார்த்து அதையே தட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அனுப்பியபின் நிலை Validation in progress என்று காட்டும். சில கணக்குகள் சில நிமிடங்களிலேயே தேறிவிடும். ஆனால் போர்ட்டல் தரும் கெடு 10 முதல் 12 வேலை நாட்கள். அதுவரை கணக்கை நீக்குவதும் மறுபடி சேர்ப்பதுமாக இருக்காதீர்கள். தேறியபின் Validated என்றோ Validated and EVC enabled என்றோ வரும். இரண்டாவது வந்தால்தான் ரீஃபண்ட் கிடைக்கும் என்று சிலர் நினைத்துக்கொண்டு வங்கியில் கைபேசி எண்ணை மாற்ற ஓடுகிறார்கள். அது தேவையில்லை. இவிசி என்பது அந்தக் கணக்கின் வழியாக ரிட்டர்னை உறுதி செய்வதற்கான குறியீடு. அதற்குத்தான் போர்ட்டலில் உள்ள கைபேசி எண்ணும் வங்கியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ரீஃபண்டுக்கு வெறும் Validated போதும். ஆனால் அந்தக் கணக்குக்கு எதிரே Nominate for Refund என்ற பொத்தான் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். பழைய மூடிய கணக்கு இன்னும் பட்டியலில் இருந்தால், அதற்கான பொத்தானை அணைத்துவிட்டு அந்தக் கணக்கையும் நீக்கிவிடுங்கள்.

இங்கே நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். கணக்கு தேறிவிட்டது, இனிப் பணம் தானாக வரும் என்று காத்திருக்கிறார்கள். ஒருமுறை தோற்ற ரீஃபண்ட் தானாகப் புறப்படும் என்று எதிர்பார்க்காதீர்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். Services பட்டியலில் Refund Reissue என்று இருக்கும். அதைத் திறந்து Create Refund Reissue Request என்பதை அழுத்தினால், தோற்றுப்போன ரீஃபண்டுகள் எந்த மதிப்பீட்டு ஆண்டு, என்ன காரணம் என்ற விவரங்களோடு வரிசையாக வரும். 2025-26 என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த திரையில் உங்கள் கணக்குகள் வரும், புதிதாகத் தேறியதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு Proceed to Verification. ஆதார் ஓடிபி கொடுத்து உறுதி செய்தால்தான் விண்ணப்பம் முடிந்ததாகக் கணக்கு. உறுதி செய்யாமல் உலாவியை மூடிவிட்டால் விண்ணப்பம் போயே இருக்காது. முடிந்ததும் ஒரு பரிவர்த்தனை எண் தரும், அதைக் குறித்து வையுங்கள்.

அந்தப் பட்டியலில் உங்கள் ரீஃபண்டே வரவில்லை என்றால் இரண்டு மூன்று சாத்தியங்கள் உண்டு. பணம் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து சிபிசிக்கு இன்னும் போய்ச் சேராமல் இருக்கலாம், சில நாட்கள் விட்டுப் பார்க்கலாம். அல்லது அது தோற்கவே இல்லை, பழைய பாக்கிக்கு ஈடு செய்யப்பட்டிருக்கலாம். e-File வழியாக Income Tax Returns, அதில் View Filed Returns என்று போய் அந்த ஆண்டுக்கான விவரத்தைத் திறந்தால் தெரிந்துவிடும். முழுவதுமோ ஒரு பகுதியோ ஈடு செய்யப்பட்டது என்று இருந்தால் அது 245ஆம் பிரிவு விவகாரம். அதற்கு வங்கிக் கணக்கைத் திருத்துவதில் பயனில்லை, அந்தப் பாக்கி சரியா தவறா என்றுதான் பார்க்க வேண்டும். பணம் எங்கோ வரவாகிவிட்டதா என்ற சந்தேகத்துக்கு, உங்கள் பானில் பதிவான வரி விவரங்களைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் பாருங்கள். வழங்கப்பட்ட ரீஃபண்டுகளுக்கு அதில் தனிப் பகுதி இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் பான் செயலற்றுப் போயிருக்க வாய்ப்புக் குறைவு. ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆதாரோடு இணைக்காத பான்கள் 2023 ஜூலை 1 முதல் செயலற்றவையாகக் கருதப்படுகின்றன. அந்த நிலையில் ரீஃபண்ட் வெளியிட மாட்டார்கள், செயலற்றிருந்த காலத்துக்கு வட்டியும் கிடையாது. தோல்விக்கான காரணம் என்று இதையே போர்ட்டல் காட்டியிருந்தால், 1,000 ரூபாய் கட்டணம் கட்டி ஆதாரை இணைத்து, பான் உயிர்பெற்ற பின்னரே மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணத்தோடு ஆதாரைத் தெரிவித்த நாளிலிருந்து பான் செயல்பாட்டுக்கு வர 30 நாள் வரை ஆகலாம். இனிஷியல் சிக்கல் அங்கேயும் தலைகாட்டும், ஏனென்றால் பானும் ஆதாரும் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றிலும் பொருந்த வேண்டும்.

இனி எவ்வளவு வரும் என்பது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 244ஏ பிரிவுப்படி ரீஃபண்டுக்கு மாதத்துக்கு அரை சதவீதம் தனிவட்டி உண்டு. 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு அந்தச் சட்டமே பொருந்தும். கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால், பிடித்த வரிக்கான ரீஃபண்டுக்கு அந்த மதிப்பீட்டு ஆண்டின் ஏப்ரல் 1 முதல் கணக்கிடுவார்கள். மாதத்தில் ஒரு பகுதியானாலும் முழு மாதம்தான். உங்கள் வரி 52,000 என்றும் பிடித்தது 70,400 என்றும் வைத்துக்கொள்வோம். ரீஃபண்ட் 18,400, இது வரியில் பத்து சதவீதத்துக்கு மேல் இருப்பதால் வட்டிக்குத் தகுதி உண்டு. ரிட்டர்னைச் செயலாக்கியபின் சிபிசி அனுப்பும் 143(1) அறிவிப்பு அக்டோபரில் வந்திருந்தால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 7 மாதம். மாதத்துக்கு 92 வீதம் 644 ரூபாய். ஆக 19,044, பத்துக்கு முழுமையாக்கினால் 19,040. மறுவெளியீட்டில் இந்தத் தொகையையே எதிர்பாருங்கள். கணக்கு மூடியதால் ஆன தாமதத்துக்குக் கூடுதல் வட்டி கேட்கலாமா என்றால், வரி செலுத்துபவரால் ஏற்பட்ட தாமதக் காலத்தைக் கழித்துவிடலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. உங்கள் விஷயத்தில் அதை எதிர்த்து வாதாட இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த 644 ரூபாய், பணம் கைக்கு வரும் ஆண்டின் வருமானம். பிற வருமானத்தில் காட்ட வேண்டும், உங்கள் வருமான விவரங்களைத் துறை தொகுத்துத் தரும் ஏஐஎஸ் அறிக்கையிலும் தனி வரியாக வரும். அசல் 18,400 வருமானம் ஆகாது, அது உங்கள் பணமே.

விண்ணப்பம் கொடுத்தபின் எத்தனை நாளில் வரும் என்பதற்கு உறுதியான பதில் கிடையாது. பெரும்பாலானவை இரண்டு மூன்று வாரத்தில் முடிகின்றன, சில இன்னும் இழுக்கின்றன. இந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் போலிக் குறுஞ்செய்திகளிடம் ஏமாறுவது அதிகம். 15,490 ரூபாய் ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டுள்ளது, கணக்கு எண் தவறாக இருந்தால் கீழே உள்ள இணைப்பில் திருத்தவும் என்று சுற்றிய செய்தி போலியானது என்று மத்திய அரசின் தகவல் சரிபார்ப்புப் பிரிவே 2023இல் அறிவித்தது. உங்கள் ரீஃபண்ட் உண்மையிலேயே கணக்கு எண்ணால் தடைப்பட்டிருப்பதால் இப்படி ஒன்று வந்தால் நம்பத்தான் தோன்றும். குறுஞ்செய்தியில் வரும் எந்த இணைப்பின் வழியாகவும் கணக்கை மாற்றாதீர்கள். முகவரியை நீங்களே தட்டி உள்ளே போய்ப் பாருங்கள். துறை ஒருபோதும் வங்கி அட்டையின் ரகசிய எண்ணைக் கேட்காது.

ஒரு மாதம் கடந்தும் அசைவில்லை என்றால், அல்லது இரண்டாம் முறையும் தோற்றால், 1800 103 0025 அல்லது 1800 419 0025 என்ற எண்களில் சிபிசியை அழைத்து, தோல்விக்கு அவர்கள் பதிவில் என்ன காரணம் இருக்கிறது என்பதை மட்டும் கேளுங்கள். கணக்கு மூடப்பட்டது என்றே மறுபடி வந்தால் பழைய கணக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்று பொருள். பெயரோ பானோ பொருந்தவில்லை என்று வந்தால் வங்கித் திருத்தம் அரைகுறையாக நின்றிருக்கிறது. அந்தக் காரணத்தைக் குறிப்பிட்டு, Grievances பட்டியலில் Submit Grievance வழியாக சிபிசி பிரிவுக்கு ஒரு புகார் பதியுங்கள். அதில் மதிப்பீட்டு ஆண்டு, ஒப்புகை எண், மறுவெளியீட்டு விண்ணப்பத்தின் பரிவர்த்தனை எண், கணக்கு தேறிய தேதி நான்கும் இருக்க வேண்டும். கூடவே பெயர் மாறிய கணக்கு அறிக்கையின் முதல் பக்கத்தை இணையுங்கள். பணம் எப்போது வரும் என்று மட்டும் எழுதினால் செயலாக்கத்தில் உள்ளது என்ற ஒற்றை வரிப் பதிலோடு புகாரை மூடிவிடுவார்கள்.